யார் அனுப்பிய பணம் இது? சென்னைக்குப் புதிதாக வரும் மலேசியத் தமிழர்களுக்கு

கிள்ளானிலிருந்து சென்னைக்கு மருமகளாக வந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது ஆதம்பாக்கத்தில் இருக்கிறோம். நம் ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பெண்கள் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, வீட்டிலிருந்தே சின்னதாக ஒரு தொழில் செய்கிறேன், அதை எப்போது பதிய வேண்டும்?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நம் ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை. தொழில் ஆரம்பித்த 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. அந்த ஒரு தாளோடு வங்கிக்குப் போனால் வேலை முடிந்தது. இங்கே அந்த ஒரு தாள் கிடையாது. தனி ஆள் நடத்தும் தொழிலுக்கு இந்தியாவில் பிறப்புப் பத்திரம் மாதிரி ஒரு பதிவு இல்லை. முதல் ஆர்டரை எடுத்த அன்றே தொழில் பிறந்துவிடுகிறது. அது இருக்கிறது என்பதற்கான சாட்சிகளைத்தான் நாம் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எனக்கு இது புரிவதற்குள் ஒரு பெரிய அடி விழுந்தது.

முதலில் அரசாங்கச் சமாச்சாரத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நுழைவு விசாவில் இருக்கும்போது வேலையும் தொழிலும் கூடாது. இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்தவர்களுக்கும் தரும் ஓசிஐ அட்டை வந்தபின் செய்யலாம். கல்யாணத்தின் வழியாக அட்டை வாங்குகிறவர்கள் பதிவுத் திருமணம் ஆகி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அப்புறம் வருமான வரிக்கான பான் எண். முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால் ஓசிஐகாரர்களுக்கும் ஆதார் கிடைக்கும். ஆதார் இருந்தால்தான் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்ய முடியும். அந்தப் பதிவு `udyamregistration.gov.in` தளத்தில் முழுக்க இலவசம். தேடும்போது இதே மாதிரி முகப்போடு பணம் கேட்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். ஏமாறாதீர்கள்.

என் தொழில் கல்யாணப் பத்திரிகை. அச்சு இல்லை, போனில் அனுப்பும் வீடியோவும் படமும்தான். தங்கச்சியின் கல்யாணத்துக்குச் செய்ததைப் பார்த்து ஒருவர் கேட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். நாலு வருடத்தில் மாதம் 60,000 ரூபாய்வரை வந்தது. எல்லாம் என் சேமிப்புக் கணக்குக்கே வந்தது. அதே கணக்கில்தான் வீட்டுச் செலவுக்குக் கணவர் போடும் பணமும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்ததும் இருந்தன. "பதிய வேண்டாமா?" என்று நான் கேட்ட எல்லோரும் சொன்னது ஒரே பதில்: "20 லட்சம் வரைக்கும் கவலையே இல்லைம்மா."

அது பாதி உண்மை. சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அது அந்த வரிக்கான எல்லை மட்டும். முன்பின் தெரியாதவர்களின் பணத்தையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் ஒரே பையில் போட்டு வைக்கலாம் என்று அந்த எல்லை சொல்லவில்லை.

தை மாதம், முகூர்த்த நாள் வரிசையாக இருக்கும் சமயம். காய்கறிக்காரருக்கு 85 ரூபாய் அனுப்பினேன், போகவில்லை. மறுபடி அனுப்பினேன், போகவில்லை. கையில் இருந்த சில்லறையைக் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போனேன். "மேடம், உங்க அக்கவுண்ட்ல லீன் போட்டிருக்காங்க, டெபிட் ஆகாது" என்றார் கவுண்டரில் இருந்த பையன். வேறொரு மாநிலத்தின் சைபர் குற்றப் பிரிவிலிருந்து வந்த கோரிக்கை. சந்தேகத்துக்குரிய தொகை 4,500 ரூபாய்தான். ஆனால் முடக்கியது கணக்கு முழுவதையும்.

நடந்தது இதுதான். சேலத்து வாடிக்கையாளர் ஒருவர் வீடியோ பத்திரிகை கேட்டார். "மச்சான் ஜிபே பண்ணுவான்" என்றார். பண்ணினான். பெயரைக்கூட நான் பார்க்கவில்லை, 4,500 வந்ததா என்று மட்டும் பார்த்தேன். அந்த மச்சான் ஆன்லைனில் எதையோ விற்றிருக்கிறான். வாங்கியவன் கொடுத்தது யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொன்னதும், பணம் போன தடத்தைக் கணக்கு கணக்காகப் பின்தொடர்ந்து வந்து என் கணக்கில் முட்டி நின்றார்கள். நான் திருடவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் இது வேலைக்கு வந்த கூலி என்று காட்ட என்னிடம் என்ன இருந்தது? வாட்ஸாப்பில் "சூப்பர் சிஸ்டர், மாப்பிள்ளை போட்டோ கொஞ்சம் பெருசா வைங்க" என்ற உரையாடல் இருந்தது. பில் இல்லை.

அன்று இரவே கணினியில் ஒரு பில் தயாரித்து, பழைய தேதி போட்டு அனுப்பப் பார்த்தேன். மாடி வீட்டு மாமா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இப்போ நீ குற்றவாளி இல்லே. இதை அனுப்பினா ஆயிடுவே." கோப்பு உருவான தேதி அதற்குள்ளேயே பதிந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் அவர் சொன்னபடி செய்தேன். புகார் எண், தொகை, எந்தக் காவல் நிலையம், அதன் மின்னஞ்சல் முகவரி, இவற்றை வங்கியிடம் எழுத்தில் வாங்கினேன். அந்த அதிகாரிக்கு உரையாடலின் படங்கள், நான் அனுப்பிய வீடியோ, கணக்கு விவரத்தில் அந்த வரவும் அதன் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணும், என் அடையாள நகல்கள் எல்லாம் அனுப்பினேன். பிடித்து வைப்பதாக இருந்தால் 4,500-ஐ மட்டும் பிடியுங்கள், மீதியை விடுங்கள் என்று தனியாக ஒரு பத்தியில் கேட்டேன். முதலில் விடுபட்டது அந்த மீதிதான், 23 நாள் கழித்து. அதுவரை வீட்டுச் செலவுக்கு மாமியாரிடம் கை நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டதைக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. அம்மாவாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார், எனக்கும் மனசு ஆறியிருக்கும்.

எப்போது பதிய வேண்டும் என்று கேட்டால் இப்போது என் பதில் இது. உங்களுக்கு முகம் தெரியாத ஒருவர் பணம் அனுப்பும் நாள் வந்தால், அந்த வாரமே தொழிலுக்குத் தனிக் கணக்கு வேண்டும். சொந்தக்காரர், பக்கத்து வீட்டார், பிள்ளையின் பள்ளித் தோழியின் அம்மா, இவர்களோடு நிற்கும்வரை அது கைச்செலவுக் காசு.

நடப்புக் கணக்குத் திறக்கப் போனால் பல கிளைகளில் எடுத்த எடுப்பில் "ஜிஎஸ்டி சர்டிபிகேட் இருக்கா?" என்பார்கள். இல்லை என்றதும் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அங்கேயே நின்று பேசுங்கள். தனி ஆள் தொழிலுக்கு, ரிசர்வ் வங்கி தந்திருக்கும் பட்டியலிலிருந்து ஏதாவது இரண்டு சான்றுகள் போதும். உத்யம் சான்று அதில் ஒன்று. தொழில் வருமானத்தைக் காட்டித் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கும் அதில் உண்டு. நான் அந்த இரண்டையும் கொடுத்தேன். புதிதாக வந்தவர்களிடம் வரிக் கணக்கு இருக்காது. இரண்டாவது சான்று கொடுக்க வழியில்லை என்று வங்கிக்குத் திருப்தியானால், இடத்தை நேரில் பார்த்துவிட்டு ஒன்றை வைத்தே திறக்கவும் விதி இடம் தருகிறது. கொஞ்சம் கெஞ்ச வேண்டும், அவ்வளவுதான். நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது. குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும், என் கணக்கில் அது 10,000. மாதம் ஒரு முறை, ஐந்தாம் தேதி, வீட்டுக்கு வேண்டியதை அதிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு மாற்றுகிறேன். மற்ற நாளில் தொடுவதில்லை.

பில் பெரிய வித்தை இல்லை. வரிசை எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், போன் எண், என்ன வேலை, எவ்வளவு. நான் கூட ஒரு வரி சேர்க்கிறேன்: பணம் அனுப்பியவர் பெயரும் பரிவர்த்தனை எண்ணும். இரண்டு பெயரும் வேறாக இருந்தால், இன்னார் சார்பில் கட்டியது என்று வாடிக்கையாளரையே ஒரு செய்தி அனுப்பச் சொல்கிறேன். ஏப்ரல் 1 அன்று வரிசை எண் புதிதாகத் தொடங்கும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரை பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது.

உங்கள் இணையதளத்தில் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே அதற்குப் பிறகுதான். இணையதளத்தில் விலை, பணம் திருப்பித் தரும் விதி, தொடர்பு முகவரி எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வங்கிக் கணக்கின் பெயரும் நீங்கள் கொடுத்த பெயரும் பொருந்த வேண்டும். கார்டில் 10,000 ரூபாய் வந்தால் 2 சதவீதம் கட்டணம் 200, அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36, ஆக உங்கள் கணக்குக்கு வருவது 9,764. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உங்கள் வருமானம் 10,000, அந்த 236 செலவு. 20 லட்சத்தைக் கணக்கிடும்போதும் எடுக்க வேண்டியது 10,000-ஐத்தான். கேட்வே வைத்தால் தொல்லையே வராது என்றில்லை. ஆனால் தகராறு வந்தால் பெரும்பாலும் அவர்கள் முதலில் அந்த ஒரு தொகையை நிறுத்திவிட்டு, பில்லும் வேலையை ஒப்படைத்த சான்றும் கேட்கிறார்கள். காய்கறிக்காரர் முன்னால் நின்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஜிஎஸ்டியை ஆசைப்பட்டு முன்கூட்டியே எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. என் வாடிக்கையாளர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள், நான் போடும் 18 சதவீதத்தை அவர்கள் எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. 4,500 ரூபாய் பத்திரிகை 5,310 ஆகும், பக்கத்துத் தெருக்காரரிடம் போய்விடுவார்கள். அதோடு ஒரு வரவும் இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், மறந்தால் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம். உங்கள் வாடிக்கையாளர்கள் கம்பெனிகள் என்றால் கதை வேறு, அவர்களே கேட்பார்கள். என் வரவு வருடத்துக்கு ஏழே கால் லட்சம்தான். 15 லட்சம் ஆகும்போது ஆடிட்டரிடம் போவேன்.

கணக்குத் திறந்த வாரம் மாடி வீட்டு மாமா பேத்தியின் காதுகுத்துக்குப் பத்திரிகை கேட்டார். காசு வேண்டாம் என்றேன். 1,200 ரூபாயைப் புதுக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, வாசலிலேயே நின்று பில் கேட்டார். வரிசை எண் 001 அவர் பெயரில்தான் இருக்கிறது.