360 கேமராவில் கோடும் தெரியக்கூடாது, குச்சியும் தெரியக்கூடாது: எங்கே கவனிக்க வேண்டும்?

புதிதாக 360 கேமரா வாங்கியவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். செல்ஃபி ஸ்டிக் எப்படி மறைகிறது? பக்கத்தில் நடந்தவரின் தோள் ஏன் வெட்டுப்பட்டது? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

கேமராவின் முன்னும் பின்னும் ஒவ்வொரு மீன்கண் லென்ஸ் இருக்கிறது. ஒவ்வொன்றும் 180 டிகிரிக்குச் சற்று மேலேயே பார்க்கும். இரண்டின் ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் மென்பொருள் படங்களை ஒட்டுகிறது. அந்த ஒட்டு, கேமராவின் ஒல்லியான பக்கத்தைச் சுற்றி ஒரு வளையமாக ஓடும். அதுதான் ஸ்டிட்ச் கோடு. ஆனால் கேமராவுக்குத் தடிமன் இருப்பதால், உடம்பை ஒட்டிய சிறு பகுதியை இரண்டு லென்ஸுமே பார்ப்பதில்லை. அடியில் திருகிய மெல்லிய குச்சி அந்தக் குருட்டுப் பகுதிக்குள் ஒளிந்துகொள்கிறது. அதே கோட்டில் ஒரு மீட்டருக்குள் யாராவது நின்றால், இரண்டு லென்ஸும் அவரை வேறு வேறு கோணத்தில் பார்ப்பதால் ஒட்டு பிசகும். அதனால் மறைய வேண்டியதைக் கோட்டில் வையுங்கள், தெரிய வேண்டியதை லென்ஸுக்கு எதிரே வையுங்கள்.

படம் எடுக்கும்போது

சௌகார்பேட்டை சந்து ஒன்றில் நண்பரோடு நடந்தபடி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். குச்சியை முழுவதும் நீட்டி, முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்துத் தூக்கிப் பிடியுங்கள். இப்போது கேமராவை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதுதான் முக்கியம். லென்ஸ்கள் இடமும் வலமும் பார்த்தால், கோடு உங்கள் முகத்தின் நடுவே இறங்கும். ஒரு லென்ஸ் உங்களையும் இன்னொன்று தெருவையும் பார்க்கும்படி திருப்பினால், கோடு இரு பக்கச் சுவர்களின் மேல் போய்விடும். சுவர் கொஞ்சம் நெளிந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. நண்பரும் உங்களோடு ஒரே வரிசையில் வரட்டும். அவர் முன்னேறி கேமராவுக்குப் பக்கவாட்டில் வந்துவிட்டால் மாட்டிக்கொள்வார்.

குச்சி நேராக, கேமராவின் அடியில் நேரடியாகத் திருகப்பட்டிருக்க வேண்டும். நடுவில் பந்து மூட்டோ ஃபோன் கிளாம்போ போட்டால் அவை கேமராவைவிடத் தடித்து வெளியே தெரியும். கைப்பட்டை தொங்கினாலும் காற்றில் மிதக்கிற மாதிரி வரும். நிழலும் கண்ணாடிப் பிரதிபலிப்பும் மறையவே மறையாது. குச்சியின் நிழல் உங்கள் நிழலோடு சேர்ந்து விழும்படி நின்றால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒட்டைச் சரிபார்ப்பது

கணினியில் கோப்பைத் திறந்ததும், முதலில் தூரத்தில் இருப்பதைப் பாருங்கள். அடிவானமோ தூரத்துக் கட்டடமோ கோட்டில் படி போல உடைந்திருந்தால், அமைப்புதான் தவறு. பெரும்பாலும் லென்ஸில் கீறல் விழாமல் காக்கும் லென்ஸ் கார்டு மாட்டிவிட்டு மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்காததுதான் காரணம். இன்ஸ்டா360 ஸ்டுடியோவில் நீங்கள் மாட்டிய வகையைச் சரியாகக் குறியுங்கள். தூரம் சரியாக இருந்து, பக்கத்தில் இருப்பது மட்டும் பிசகினால் அது முன்பே சொன்ன கோண வித்தியாசம். ஆப்டிகல் ஃப்ளோ வகை ஒட்டு அதைக் கொஞ்சம் குறைக்கும், ஏற்றுமதிக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். முழுதாகத் தீராது. வானத்தில் நிறம் மட்டும் மாறினால், வெயில் ஒரு லென்ஸில் நேராக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நிறத் திருத்தத்தை இயக்கிப் பாருங்கள்.

ரீஃப்ரேம்

360 வீடியோவிலிருந்து காட்ட வேண்டிய பகுதியை மட்டும் சாதாரண வீடியோவாக எடுப்பதுதான் ரீஃப்ரேம். இங்கேதான் முன்பு செய்த வேலைக்குப் பலன். தெருவைக் காட்டும் ஃபிரேமின் பார்வைக் கோணம், அதாவது FOV, 90 முதல் 100 டிகிரி என்றால், பக்கவாட்டுக் கோடு ஃபிரேமுக்கு வெளியேயே நின்றுவிடும். அதைவிடக் குறைத்துக் கிட்டே இழுக்க ஆசைப்பட்டால் கணக்கு இடிக்கும். 5.7கே வீடியோவில் அகலம் 5760 பிக்ஸல். 360 டிகிரிக்கு வகுத்தால் டிகிரிக்கு 16தான். 90 டிகிரி ஃபிரேமுக்குக் கிடைப்பது 1440 பிக்ஸல், 60 டிகிரி என்றால் வெறும் 960. இன்ஸ்டா360 எக்ஸ்4 மாதிரி 8கே கேமராவில் 90 டிகிரிக்கு 1920 வரும், முழு எச்டிக்குப் போதும். படம் மங்கலாக இருக்கிறது என்ற புகார்களில் பாதி இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

அப்புறம் கீஃப்ரேம், அதாவது எந்த நேரத்தில் ஃபிரேம் எங்கே பார்க்க வேண்டும் என்று குறித்து வைப்பது. தெருவில் ஒன்று வையுங்கள், நண்பர் பேச ஆரம்பிக்கும் இடத்தில் அவர் முகத்தின் மேல் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே ஒரு நொடியாவது இடைவெளி இருக்கட்டும், இல்லையென்றால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். திரும்பும்போது ஃபிரேம் கோட்டைக் கடந்தே ஆக வேண்டும். பக்கத்தில் ஆளோ வண்டியோ இல்லாத நேரமாகப் பார்த்து அங்கே திருப்புங்கள்.

ரீல்ஸுக்காக 9:16 வைத்தால் ஃபிரேம் செங்குத்தாக நீளும், குச்சியைப் பிடித்த கை கீழே பெரிதாக எட்டிப்பார்க்கும். பார்வையைச் சற்று மேலே தூக்குங்கள், கை போய்விடும். சந்து வளையும்போது காட்சியும் கூடவே திரும்ப வேண்டுமானால் டைரக்‌ஷன் லாக்கை அணைத்து வையுங்கள். இயக்கத்தில் இருந்தால் நீங்கள் திரும்பினாலும் ஃபிரேம் பழைய திசையிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.