முதல் மெயிலில் "பணம் வாபஸ்" என்று எழுதும்போது செய்யும் தவறுகள்

முன்பின் தெரியாத ஒருவருக்கு நம் சேவையைப் பற்றி முதல் மெயில் எழுதுகிறோம். அதில் "100% பணம் வாபஸ்" என்று ஒரு வரி போட்டால் அவர் தயக்கம் போய்விடும் என்று ஒரு நினைப்பு. படிப்பவருக்கோ வேறு சந்தேகம் வருகிறது. இன்னும் எதுவும் வாங்கவே இல்லை, அதற்குள் ஏன் வாபஸ் பேச்சு? இதற்கு முன் வாங்கியவர்கள் எல்லாம் திருப்பிக் கேட்டார்களோ?

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஆன்லைன் கடைகளுக்கு இரவு நேரத்தில் வரும் வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரும் ஒரு சிறிய குழு. கடைக்காரர் ஒருவருக்கு அவர்கள் எழுதும் மெயில் இப்படி இருக்கிறது:

> இரவில் வரும் கேள்விகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 14 நாள் முற்றிலும் இலவசம்! அப்புறமும் திருப்தி இல்லையென்றால் 100% பணம் வாபஸ்! ஒப்பந்தமே கிடையாது! இந்த வாரம் சேர்ந்தால் முதல் மாதம் பாதிக் கட்டணம்! விற்பனை 20% உயரும், கேரண்டி!

வேலையைப் பற்றி ஒரு வரி, சலுகைகள் ஐந்து. இதில் பெரிய தவறு, கடைக்காரரின் பயம் எது என்று யோசிக்காமல் எழுதியது. பணம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இப்போது இல்லை. அவர் இன்னும் ஒரு பைசா கொடுக்கவில்லை. அவருடைய கவலைகள் வேறு. யாரோ ஒருவர் தன் வாடிக்கையாளரிடம் தப்பான பதில் சொல்லிவிட்டால்? தான் கொடுக்காத தள்ளுபடியை அள்ளிக் கொடுத்துவிட்டால்? ஆர்டர் விவரங்களை வெளியாட்கள் பார்ப்பது சரியா? இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தன் ஆட்களின் நேரம் எவ்வளவு போகும்? கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் இவற்றில் ஒன்றும் திரும்பி வராது.

ஆகவே முதல் மெயிலில் குறைக்க வேண்டியது அந்த ரிஸ்க்கைத்தான். "முதல் இரண்டு வாரம் எங்கள் பதில்கள் எதுவும் நேராக வாடிக்கையாளருக்குப் போகாது. டிராஃப்டாக இருக்கும், காலையில் நீங்கள் பார்த்துவிட்டு அனுப்பலாம். ஆர்டர் விவரத்தைப் பார்க்கும் அனுமதி மட்டும் போதும், ரீஃபண்ட் கொடுக்கும் அனுமதி எங்களுக்கு வேண்டாம்." இந்த மூன்று வரிகளில் வாபஸ் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் படிப்பவருக்கு மனம் இறங்கிவரும். உங்கள் துறையில் இந்தப் பயம் எது என்று தெரியவில்லையா? ஏற்கனவே உங்களிடம் வாங்கிய இரண்டு மூன்று பேரிடம், "சரி என்று சொல்வதற்கு முன் எதை நினைத்துத் தயங்கினீர்கள்?" என்று கேளுங்கள். கட்டணம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் வேறு பதில்களும் கண்டிப்பாக வரும்.

அடுத்து அந்த "விற்பனை 20%". விற்பனை விலையைப் பொறுத்தது, விளம்பரத்தைப் பொறுத்தது, சீசனைப் பொறுத்தது. இரவில் பதில் எழுதுபவர் கையில் அதில் சிறு பங்குதான் இருக்கிறது. போன மாதத்தைவிட 20 சதவீதமா, போன வருடத்தின் இதே மாதத்தைவிடவா, அதை யார் கணக்கிடுவது? பதில் இல்லை. இப்படி எழுதினால் நேர்மையான ஆள்கூட கடைசியில் சண்டையில்தான் நிற்பார். உங்கள் கையில் இருப்பதற்கு மட்டும் உத்தரவாதம் கொடுங்கள். அதை அவரே தன்னுடைய பதிவுகளில் சரிபார்க்க முடிய வேண்டும். "இரவு 10 முதல் காலை 6 வரை வரும் கேள்விக்கு 30 நிமிடத்துக்குள் முதல் பதில்" என்றால் கடையின் ஹெல்ப்டெஸ்க் அறிக்கையிலேயே அது தெரிந்துவிடும். டிராஃப்ட் நடக்கும் இரண்டு வாரத்துக்கு இது பொருந்தாது. அதனால் கட்டணம் தொடங்கும் மாதத்திலிருந்து என்று சேர்த்தே எழுத வேண்டும்.

"திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று நிபந்தனை இல்லாமல் எழுதினால் அதற்கு ஒரே பொருள்தான்: கேட்டால் முழுப் பணமும் கொடுக்க வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, பொருள்களின் விளம்பரங்களுக்காக வைத்திருக்கும் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. வரம்பு ஏதாவது இருந்தால் அதைத் தெளிவாகத் தெரிவிக்கச் சொல்கிறது. ஆரம்பக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வோம், 30 நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பின்னால் வரும் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தால் முதல் மெயில் பொய் சொன்னதாகிவிடும். நான் பார்க்கும் அளவுகோல் ஒன்று உண்டு. நிபந்தனை ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் உத்தரவாதத்தைச் சுருக்கிவிடுங்கள், நிபந்தனையை மறைக்காதீர்கள்.

எழுதுவதற்கு முன் கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். மாதக் கட்டணம் 100, அதில் உங்கள் செலவு 60 என்று வைத்துக்கொள்வோம். பத்து கிளையன்ட் என்றால் வரவு 1000, லாபம் 400. ஒருவர் முழுப் பணத்தைத் திருப்பிக் கேட்டாலே லாபத்தில் கால் பங்கு போய்விடும். இருவர் கேட்டால் பாதி. இதைத் தாங்க முடியாதவர்தான் ரீஃபண்ட் கேட்கும்போது இழுத்தடிப்பார். நாள் கணக்கிலும் கவனம் தேவை. "5 வேலை நாளில் பணம் வந்து சேரும்" என்று எழுதாதீர்கள், நீங்கள் அனுப்பிய பிறகு வங்கி எடுக்கும் நாள் உங்கள் கையில் இல்லை. "5 வேலை நாளில் அனுப்பிவிடுவோம்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

டிரையல் விஷயத்தில் எல்லோரும் முதல் நாளைப் பற்றி எழுதுகிறார்கள்; படிப்பவர் தேடுவது 15-ஆம் நாளை. தானாகக் கட்டணம் தொடங்குமா, கார்டு விவரம் முதலிலேயே கொடுக்க வேண்டுமா? இதைச் சொல்லாமல் "இலவசம்" என்று மட்டும் போட்டால் அனுபவப்பட்டவர் மெயிலை மூடிவிடுவார். பிறகு "ஒப்பந்தமே கிடையாது", "பாதிக் கட்டணம்" இரண்டையும் எடுத்துவிடலாம். தனியாக இருந்தால் நியாயமாகப் படும் சலுகைகள், ஐந்தாகச் சேரும்போது கெஞ்சலாகிவிடுகின்றன.

திருத்திய மெயில் இப்படி வரும்:

> உங்கள் கடைக்கு இரவு 10 மணிக்கு மேல் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தருகிறோம். முதல் 14 நாள் கட்டணம் இல்லை. பதில்கள் டிராஃப்டாகவே இருக்கும், நீங்கள் பார்த்துவிட்டு அனுப்பலாம். கார்டு விவரம் வேண்டாம். 15-ஆம் நாள் நீங்கள் "தொடரலாம்" என்று சொல்லாவிட்டால் அத்தோடு முடிந்துவிடும். தொடர்ந்தால், 30 நிமிடத்துக்குள் முதல் பதில் என்பதை நூற்றுக்கு ஐந்து கேள்விக்கு மேல் தவறவிடும் மாதத்தின் கட்டணம் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவோம். கணக்கு உங்கள் ஹெல்ப்டெஸ்க் அறிக்கைதான். மாதிரிக்கு நான்கு பதில்கள் எழுதி அனுப்பட்டுமா?

ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. உத்தரவாதம் கடைசிக்கு முன்னால் வருகிறது, அதுவும் வேலை என்ன என்று சொன்ன பிறகு. கடைசியில் கேட்பதோ சின்ன விஷயம்.

இதற்குப் பதில் வராமல் போகலாம். அப்போது இரண்டாவது மெயிலில் 14 நாளை 30 ஆக்குவது, மூன்றாவதில் கட்டணத்தைக் குறைப்பது என்று போகாதீர்கள். பழைய மெயில்களெல்லாம் அதே இழையில் கீழேயே கிடக்கும். ஒரு தடவை ஸ்க்ரோல் செய்தாலே, பேசாமல் இருந்தால் விலை இறங்கும் என்று அவருக்குப் புரிந்துவிடும். நிபந்தனைகளை அப்படியே வைத்துக்கொண்டு, கேட்காமலேயே ஒரு மாதிரி பதிலை எழுதி அனுப்புங்கள். கடையின் இணையப் பக்கத்தில் கேள்விகள் பகுதி இருந்தால் அதில் பதில் கிடைக்காத கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும்.