எழுதியவரே தணிக்கை செய்தால் என்ன ஆகும்? ஆடிட்டர் அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய ஊர்களில் ஒரு கடையின் பில்களைப் பையில் வாங்கி டாலியில் ஏற்றுவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது, வருட முடிவில் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடுவது எல்லாம் ஒரே அலுவலகத்தில் நடக்கிறது. இதில் முதல் இரண்டையும் செய்த அலுவலகம் மூன்றாவதைச் செய்யக் கூடாது. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒருவரின் கணக்குப் புத்தகங்களை எழுதும் பொறுப்பில் இருக்கும் சி.ஏ. அந்தக் கணக்கை வரித் தணிக்கை செய்யக் கூடாது. அவருடைய பார்ட்னரும், அவர் பார்ட்னராக இருக்கும் நிறுவனமும் செய்யக் கூடாது.

விதி தெரிந்தவர்கள்கூட இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பதுண்டு. கணக்கு நேர்மையாக எழுதப்பட்டிருந்தால் யார் பார்த்தால் என்ன என்று கேட்பார்கள். ஒரு எண்ட்ரியை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர், கூட்டாண்மை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஜெனரேட்டர் அடிக்கடி நின்றுபோகவே ஜூன் மாதம் புதியது வாங்குகிறார்கள். விலை 4,00,000 ரூபாய், ஜிஎஸ்டி 72,000, மொத்தம் 4,72,000. பில்லைக் கொடுக்கும்போது முதலாளி, “ஜெனரேட்டர் ரிப்பேர், மாத்திட்டோம்” என்கிறார். ஆடிட்டர் அலுவலக உதவியாளர் 72,000 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டு, 4,00,000 ரூபாயைப் ‘பழுதுபார்ப்பு’ லெட்ஜரில் போடுகிறார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காதில் விழுந்த சொல்லை வைத்து முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் இது புதிய சொத்து. வருமான வரிக்கு அந்த ஆண்டு 15 சதவீதத் தேய்மானம், அதாவது 60,000 ரூபாய்தான் கழிக்க முடியும். லாபம் 3,40,000 ரூபாய் குறைந்து நிற்கிறது. கூட்டாண்மை நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் கட்டாமல் விட்ட வரி 1,06,080 ரூபாய். பிறகு துறை கண்டுபிடித்தால் வட்டியும் சேரும்.

இப்போது தணிக்கைக்கு வருவோம். அதே அலுவலகம் வவுச்சரை எடுக்கிறது. பில் இருக்கிறது, தொகை சரி, தேதி சரி, வங்கியில் பணம் போனதும் சரி. டிக் அடித்தாகிவிட்டது. இது எந்தத் தலைப்பில் வர வேண்டும் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. ஜூன் மாதமே அதற்கு அந்த அலுவலகம் விடை சொல்லிவிட்டது. வெளியிலிருந்து வருபவர் பழுதுபார்ப்பு லெட்ஜரைத் திறந்ததும், மூவாயிரம், ஐந்தாயிரம் என்று போகும் வரிசையில் நான்கு லட்சம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்ப்பார். பில்லைக் கேட்பார், அதில் ஜெனரேட்டரின் சீரியல் எண் இருக்கும், கடையின் பின்புறம் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். லாப நட்டக் கணக்கில் ஏற்றிய மூலதனச் செலவைக் காட்டச் சொல்லி 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 3சிடி படிவத்தில் 21ஆம் பத்தியில் தனிக் கேள்வியே உண்டு. எழுதியவரே நிரப்பினால் அங்கே ‘இல்லை’ என்றுதான் வரும். அதை அவர் நம்பித்தான் எழுதுவார் என்பதே இதில் உள்ள ஆபத்து.

இந்தத் தடையைத் தாண்டச் சொல்லப்படும் சமாதானங்கள்தான் அடுத்த தவறுகள். “நான் எழுதவில்லை, பையன்தான் எழுதினான்” என்பது முதலாவது. பையன் உங்கள் சம்பளத்தில், உங்கள் மேற்பார்வையில் எழுதினால் அது நீங்கள் எழுதியதுதான். இரண்டாவது, கணக்கெழுதும் வேலையை மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ ஒரு சின்ன நிறுவனம் தொடங்கி அதற்கு மாற்றுவது. வாடிக்கையாளர் கம்பெனியாக இருந்தால் இது நேரடியான சட்டமீறல். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 144, கணக்கெழுதுதல், உள்தணிக்கை, நிதித் தகவல் அமைப்பை வடிவமைத்தல் உள்ளிட்ட சேவைகளை அந்தக் கம்பெனிக்கும் அதன் தாய், துணைக் கம்பெனிகளுக்கும் ஆடிட்டர் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ செய்யக் கூடாது என்கிறது. உறவினர் வழியாகச் செய்வதும் அந்த மறைமுகத்தில் அடங்கும். மீறினால் அபராதம் 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரை, அல்லது ஊதியத்தின் நான்கு மடங்கு, இவற்றில் எது குறைவோ அது. அதைவிடப் பெரிய அடி, பிரிவு 141இன்படி தகுதியே போய்ப் பதவி காலியாவது.

மூன்றாவது சமாதானம் மிகவும் மோசமானது. இரண்டு ஆடிட்டர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒருவர் எழுதிய கணக்கில் மற்றவர் கையெழுத்துப் போடுவது. வவுச்சரையே பார்க்காமல் போடும் அந்தக் கையெழுத்து தனிக் குற்றம். தானோ, தன் பார்ட்னரோ, தன் ஊழியரோ, தொழில் செய்யும் வேறொரு சி.ஏ.வோ பரிசோதிக்காத கணக்குக்குத் தன் பெயரில் அறிக்கை தருவது, பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் தொழில்முறைத் தவறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய சி.ஏ. தானே பார்த்துவிட்டாரே என்று இதற்குள் நுழைந்துகொள்ள முடியாது. அவர் பார்த்தது தன் வேலையை.

எங்கே கோடு போடுவது என்பதில் உண்மையான குழப்பம் வருவது வருட முடிவில்தான். தேய்மானம் போடவில்லை, மார்ச் மாத வாடகை பாக்கி ஏறவில்லை என்று ஆடிட்டர் கண்டுபிடித்துச் சொல்வது தணிக்கையின் பகுதி. திருத்த வேண்டிய எண்ட்ரிகளைப் பட்டியலாகக் கொடுக்கலாம். ஏற்பதா வேண்டாமா என்று நிர்வாகம் முடிவு செய்து, அவர்கள் கணக்காளரே டாலியில் போட வேண்டும். சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கும் வங்கி வரவுகளைத் தானே உட்கார்ந்து ஆள்பிரித்துப் போட ஆரம்பித்தால் ஆடிட்டர் கோட்டைத் தாண்டிவிட்டார். ஜிஎஸ்டியும் இப்படித்தான்: வாடிக்கையாளர் தயாரித்த விற்பனை, கொள்முதல் பட்டியலை ரிட்டர்னாக ஏற்றுவது வேறு, பில் கட்டைப் பிரித்து எதற்கு உள்ளீட்டு வரி உண்டு என்று தீர்மானித்து எழுதுவது வேறு.

பிரிக்க நினைப்பவர்கள் நடு ஆண்டில் பிரிப்பதும் தவறு. டிசம்பர் வரை நீங்கள் எழுதிவிட்டு, மார்ச் வரை வேறொருவர் எழுதினாலும் அந்த ஆண்டுக் கணக்கில் ஒன்பது மாதம் உங்களுடையது. அந்த ஆண்டின் தணிக்கையை விட்டுவிடுங்கள். ஏப்ரல் முதல் தேதியில் தொடங்குவதே சுத்தமான வழி. அப்போதும் டாலி பேக்கப், ஜிஎஸ்டி லாகின், ஓடிபி வரும் மொபைல் எண் எல்லாம் வாடிக்கையாளரிடம் போய்விட்டனவா என்று பாருங்கள். ஓடிபி இன்னும் உங்கள் அலுவலக எண்ணுக்கே வருகிறதென்றால் கணக்கு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. தொடக்க இருப்புகளும் நீங்கள் எழுதியவையே என்பதால், முடிந்தால் முதல் ஆண்டை வேறொருவர் தணிக்கை செய்வது நல்லது. நியமனக் கடிதத்தில் கணக்கு எழுதும் பொறுப்பு யாருடையது என்பதை மாதச் சம்பளத்துக்கு வரும் கணக்காளர்வரை தெளிவாக எழுதி வாங்குங்கள்.

கம்பெனிகளில் இதை இனி மறைக்கவும் முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்யும் எடிட் லாக் உள்ள மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். அது ஆண்டு முழுவதும் அணைக்கப்படாமல் ஓடியதா என்று ஆடிட்டரே தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். அவர் பார்க்கும் அந்த லாகில் எண்ட்ரி போட்டவராகத் தன் அலுவலகத்தின் யூசர் பெயரே வந்தால், அறிக்கை எழுதும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பதவி விலக வேண்டும்.