மாதிரியைப் பெரிதாக்கினாலும் தீராத கோளாறு: எஃப் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு குழுக்களின் சிதறல் சமமா என்று பார்ப்பதுதான் எஃப் சோதனை. ஒரே பொடியை 500 கிராம் பாக்கெட்டுகளாக நிரப்பும் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் பத்துப் பாக்கெட் எடுத்து, எடை 500-லிருந்து எத்தனை கிராம் விலகுகிறது என்று குறிக்கிறோம்.

முதல் இயந்திரம்: -3, -2, -1, -1, 0, 0, 1, 1, 2, 3
இரண்டாவது: -3, -2, -1, -1, 0, 0, 1, 1, 2, 13

கடைசி எண்ணைத் தவிர இரண்டு வரிசையும் ஒன்றுதான். மாதிரி என்பதால் 10-க்குப் பதில் 9-ஆல் வகுத்தால், முதலாவதன் வேரியன்ஸ் (பள்ளிப் புத்தகத்தின் விலக்க வர்க்கச் சராசரி) 3.33, இரண்டாவதன் வேரியன்ஸ் 20. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் எஃப் மதிப்பு 6. இருபக்கச் சோதனையில், 5% மட்டத்தில், அட்டவணை தரும் எல்லை 4.03. ஆக, “இரண்டாவது இயந்திரத்தின் சிதறல் அதிகம்” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. பத்தில் ஒரே ஒரு பாக்கெட் செய்த வேலை இது!

அட்டவணையில் உள்ள அந்த 4.03, தரவு இயல்நிலைப் பரவலிலிருந்து வந்தது என்ற அனுமானத்தின் மேல் கணக்கிடப்பட்டது. அந்த அனுமானம் கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. இரண்டாவது தவறு, “என்னிடம் ஆயிரம் பாக்கெட் இருக்கிறதே, மைய எல்லைத் தேற்றம் காப்பாற்றிவிடும்” என்று நம்புவது. சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கும். சராசரி எவ்வளவு ஆடும் என்பது வேரியன்ஸை மட்டும் பொறுத்தது, அதைத் தரவிலிருந்தே மதிப்பிட்டுக்கொள்கிறோம். மாதிரி வேரியன்ஸ் எவ்வளவு ஆடும் என்பதோ பரவலின் வால் எத்தனை கனம் என்பதையும் பொறுத்தது. மாதிரி வேரியன்ஸை s² என்றும் மாதிரி அளவை n என்றும் குறித்தால், பெரிய மாதிரியில் ln(s²)-இன் வேரியன்ஸ் ஏறத்தாழ (2 + κ)/n. இதில் κ என்பது வாலின் கனத்தை அளக்கும் மிகைக் குர்ட்டோசிஸ், இயல்நிலைப் பரவலுக்கு அது 0. எஃப் சோதனை κ-வைத் தரவிலிருந்து மதிப்பிடுவதே இல்லை, 0 என்று எடுத்துக்கொள்கிறது. n எவ்வளவு வளர்ந்தாலும் 2-க்கும் 2 + κ-வுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரு பக்கமும் உண்மையான வேரியன்ஸ் சமம், இரு பக்கமும் லாப்லாஸ் பரவல் (κ = 3), மாதிரியும் பெரிது. “5% சோதனை” என்று பெயர் இருந்தாலும், இல்லாத வித்தியாசத்தை அது நூற்றுக்கு 21 முறைக்கு மேல் “கண்டுபிடிக்கும்”. அடுக்குக்குறிப் பரவலானால் (κ = 6) ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை. வால் இல்லாத சீர்ப் பரவலில் (κ = -1.2) கதை தலைகீழ்: பிழை 0.2% அளவுக்குச் சுருங்கி, உண்மையான வித்தியாசத்தைக் கூடத் தவறவிடுகிறது.

சரி, டி சோதனைக்கு முன் வேரியன்ஸ் சமமா என்று பார்க்க எஃப் சோதனை போடுவது? பலருக்கும் இப்படித்தான் சொல்லித்தரப்படுகிறது. புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் 1953-லேயே இதைக் கிண்டல் செய்துவிட்டார்: பெரிய கப்பல் கிளம்பும் அளவுக்குக் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கத் துடுப்புப் படகில் போவதைப் போலவாம். வேரியன்ஸ் சமம் என்று எடுத்துக்கொள்ளாத வெல்ச் டி சோதனையை நேராகப் போடுவதே மேல்.

இன்னொரு சின்னத் தவறு: பெரிய வேரியன்ஸை மேலே வைத்து வகுத்துவிட்டு, ஒருபக்க 5% அட்டவணையைப் பார்ப்பது. நம் 13-க்குப் பதில் 9 இருந்திருந்தால் எஃப் 3.28 வரும். ஒருபக்க எல்லை 3.18 என்பதால் “வித்தியாசம் உண்டு” என்போம், ஆனால் நாம் உண்மையில் செய்வது 10% சோதனை. எக்செலில் F.TEST இருபக்க p மதிப்பைத் தரும், டேட்டா அனாலிசிஸ் பட்டியலில் உள்ள எஃப் சோதனையோ ஒருபக்க மதிப்பைத் தரும். இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம்.

மாற்று வழி, பிரவுன்–ஃபோர்சைத் சோதனை. ஒவ்வொரு குழுவிலும் இடைநிலையிலிருந்து விலகலை எடுத்து, குறியை விட்டுவிட்டு, அந்த விலகல்களின் சராசரிகளை ஒப்பிடுவதுதான் அது. நம் தரவில் சராசரி விலகல் 1.4, 2.4. சோதனை மதிப்பு 0.63, எல்லை 4.41. வித்தியாசத்துக்கு ஆதாரம் இல்லை. இரண்டு சோதனையையும் R மொழியில் இப்படிப் போடலாம்:

```
a <- c(-3,-2,-1,-1,0,0,1,1,2,3)
b <- c(-3,-2,-1,-1,0,0,1,1,2,13)
var.test(b, a)
car::leveneTest(c(a, b), factor(rep(1:2, each = 10)))
```

அதற்காக அந்த 13-ஐத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அது எடை போட்டதில் வந்த பிழையா, இயந்திரம் எப்போதாவது ஒரு கரண்டி கூடுதலாகக் கொட்டுகிறதா என்பது இயந்திரத்தருகே போய் இன்னும் நூறு பாக்கெட் எடை போட்டால்தான் தெரியும்.