மதிப்பெண் போடாத ‘விரிவாக விளக்குக’: விடை எங்கே சறுக்குகிறது?

“ஒளிச்சேர்க்கையை விரிவாக விளக்குக.” ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த வினா வங்கியில் இந்த ஒரு வரிதான் இருக்கிறது. பக்கத்தில் மதிப்பெண் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலா, பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலா, கல்லூரித் தேர்வா என்றும் போடவில்லை. மூன்று இடத்திலும் இதே வரி வரும், ஆனால் வேண்டிய விடை மூன்று விதம். இந்த இடத்தில் பெரும்பாலோர் தெரிந்ததையெல்லாம் கைவலிக்கும்வரை எழுதுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான்.

முதல் தவறு, மதிப்பெண் தெரியாது என்று சட்டென முடிவு கட்டிவிடுவது. கையில் இருப்பது முழு வினாத்தாள் என்றால் கழித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் எழுத்துத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 75. ஒரு மதிப்பெண் வினா 12, இரண்டு மதிப்பெண் வினா 7, நான்கு மதிப்பெண் வினா 7. இவை சேர்ந்து 54. மீதி 21, எழுத வேண்டிய பெரிய வினா 3. ஆக ஒன்றுக்கு 7. மூன்று மணி நேரத்தை 75 ஆல் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம் வருகிறது, 7 மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய 17 நிமிடம். அந்த நேரத்தில் படமும் போட்டு நான்கு பக்கம் எழுத யாராலும் முடியாது. ‘விரிவாக’ என்று கேட்டவர் எதிர்பார்ப்பதும் அந்த 17 நிமிடத்துக்குள் அடங்குவதைத்தான்.

தாள் இல்லை, தனி வினா மட்டும்தான் என்றால் அக்கம்பக்கத்து வினாக்களைப் பாருங்கள். அதே பக்கத்தில் “பச்சையம் என்றால் என்ன?” இருந்தால் பள்ளி நிலை. “சுழல் மற்றும் சுழலா எலக்ட்ரான் கடத்தலை வேறுபடுத்துக” இருந்தால் பதினொன்றாம் வகுப்போ அதற்கு மேலோ. வினாவில் இருக்கும் சொற்கள் எவ்வளவு நுணுக்கமோ, விடையும் அவ்வளவு நுணுக்கமாக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு இன்னும் பரவலானது. ‘விரிவாக’ என்பதை ‘நீளமாக’ என்று படிப்பது. “ஒளிச்சேர்க்கை மிக முக்கியமான நிகழ்வு. இது இல்லையெனில் பூமியில் உயிர்கள் இல்லை. மரங்களை நாம் காக்க வேண்டும்” என்று அரைப் பக்கம் போகும். திருத்துபவரின் விடைக்குறிப்பில் இதற்கு இடமே இருக்காது. விரிவு என்பது ஒவ்வொரு கூற்றுக்கும் எங்கே நடக்கிறது, உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, ஏன் என்ற நான்கையும் சொல்வது. “ஒளிவினையில் ஆக்ஸிஜன் வெளியேறுகிறது” என்பது வெறும் கூற்று. “தைலகாய்டு சவ்வில் ஒளி ஆற்றலால் பச்சையம் எலக்ட்ரானை இழக்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய நீர் பிளக்கப்படுகிறது. அதில் உண்டாகும் ஆக்ஸிஜன் வெளியேறுகிறது” என்று எழுதினால் அதுதான் விளக்கம். இரண்டு வரிதான் கூடுதல்.

மூன்றாவது தவறு, விடையை ஒரே நேர்க்கோட்டில் எழுதிக்கொண்டே போவது. ஒளிவினையில் தெரிந்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, நேரம் போதாமல் இருள்வினையான கால்வின் சுழற்சியை மூன்று வரியில் முடிப்பவர்கள் அதிகம். பாதி வினாவுக்கு மட்டுமே விடை எழுதியதாகிவிடுகிறது. அளவு தெரியாதபோது விடையை அடுக்கடுக்காகக் கட்ட வேண்டும். எந்த அடுக்கோடு நிறுத்தினாலும் விடை முழுதாக நிற்க வேண்டும்.

முதல் அடுக்கு ஐந்தாறு வரி. பசுந்தாவரங்கள் ஒளி ஆற்றலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கார்போஹைட்ரேட்டாக மாற்றுவது ஒளிச்சேர்க்கை, நடக்கும் இடம் பசுங்கணிகம் என்று எழுதிவிட்டு, சமன்பாடு:

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6H₂O + 6O₂

இடப்பக்கம் நீருக்கு 6 போட்டு, வலப்பக்கம் நீரையே விட்டுவிடும் சுருக்க வடிவமும் உண்டு. எண்ணிக்கை சமன்தான். ஆனால் வெளியேறும் ஆக்ஸிஜன் முழுவதும் நீரிலிருந்தே வருகிறது என்று கீழே எழுதப் போகிறீர்கள். 6O₂ என்றால் 12 ஆக்ஸிஜன் அணுக்கள், ஆறு நீர் மூலக்கூறில் இருப்பதோ ஆறே அணுக்கள். சொன்னதும் சமன்பாடும் ஒத்துப்போக 12 நீர் வேண்டும். எந்த நிலைத் தேர்வாக இருந்தாலும் இந்த வடிவத்தை எழுதுவது பாதுகாப்பு. இரண்டு மதிப்பெண் வினா என்றால் விடை இங்கேயே முடிந்தது.

இரண்டாம் அடுக்கில் ஒளிவினைக்கு ஒரு பத்தி, இருள்வினைக்கு ஒரு பத்தி, ஒரு படம், பாதிக்கும் காரணிகள் இரண்டு மூன்று. ஒளிவினை தைலகாய்டில் நடந்து ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் தருகிறது. அவற்றைச் செலவழித்து ஸ்ட்ரோமாவில் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகிறது. இந்த இணைப்பு வாக்கியம் கட்டாயம் வேண்டும். இது இல்லாவிட்டால் இரண்டு பத்தியும் தனித்தனிக் குறிப்புகளாகத் தொங்கும். இருள்வினை இரவில்தான் நடக்கும் என்று எழுதுவது ஆண்டுதோறும் வரும் பிழை. ஒளி நேரடியாகத் தேவையில்லை என்பதுதான் பொருள், நடப்பது பகலில்தான். படத்தில் கிரானா, ஸ்ட்ரோமா என்று பெயர் குறிப்பதோடு விடாமல், எந்த வினை எங்கே என்பதையும் அங்கேயே எழுதுங்கள். ஏழு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு போதும்.

மூன்றாம் அடுக்கு மேல்நிலைக்கும் கல்லூரிக்கும். ஒளி அமைப்பு இரண்டின் பி680 இலிருந்து ஒளி அமைப்பு ஒன்றின் பி700 வரை எலக்ட்ரான் செல்லும் பாதை, கால்வின் சுழற்சியின் மூன்று படிகளான கார்பன் ஏற்றம், ஒடுக்கம், மீளுருவாக்கம், ரூபிஸ்கோ நொதி, ஒரு குளுக்கோஸ் அளவுக்கு 18 ஏடிபி, 12 என்ஏடிபிஎச் செலவாகும் கணக்கு.

நிலை தெரியாதபோது மூன்றாம் அடுக்கை முழுதாக எழுதப் போகாதீர்கள். அரைகுறையாக நினைவிருக்கும் உயர்நிலைத் தகவல் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். ரூபிஸ்கோ கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கும் ஐந்து கார்பன் சேர்மத்தை ஆறு கார்பன் என்று எழுதிவிட்டால், சரியாக எழுதிய மற்றதையும் திருத்துபவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். உறுதியாகத் தெரிந்த ஒரே ஒரு நுணுக்கத்தை மட்டும் சேருங்கள். கால்வின் சுழற்சியின் மூன்று படிகளும் நன்றாகத் தெரியும் என்றால் அதுவே நல்ல தேர்வு, ஏனென்றால் பள்ளித் தாளில் அது மிகையாகத் தெரியாது, கல்லூரித் தாளில் குறையாகவும் தெரியாது.

ஒப்படைப்பாக எழுதித் தருவதென்றால் எந்த வகுப்பு, எத்தனை மதிப்பெண் என்று ஆசிரியரிடமே கேட்டுவிடலாம். தேர்வறையில் அதற்கு வழியில்லை. அங்கே இரண்டாம் அடுக்கை முடித்ததும் அரைப் பக்கம் வெற்றாக விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள். கடைசியில் பத்து நிமிடம் மிஞ்சினால் மூன்று படிகளும் அந்த அரைப் பக்கத்துக்குள் அடங்கும்.