பாதி நிரப்பிய நெஃப்ட் ஃபார்ம் போட்டோவாக வந்தால்

வங்கியில் நின்றுகொண்டு உறவினர் ஒருவர், இன்னொருவர் கணக்குக்குப் பணம் அனுப்புவதற்கான நெஃப்ட் ஃபார்மை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பாதி நிரம்பியிருக்கிறது, பாதி காலி. ஒரு வரியில் பதில் சொன்னால் போதுமா, ஒவ்வொரு கட்டமாகக் கூடவே வரவேண்டுமா? போட்டோவைச் சரியாகப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில், எழுதியிருப்பதைப் படியுங்கள்

எல்லோருக்கும் கண் காலிக் கட்டத்துக்குத்தான் போகும். ஆனால் கட்டம் காலியாக இருப்பதற்குக் காரணம் பல. அது "வங்கி உபயோகத்திற்கு மட்டும்" பகுதியாக இருக்கலாம், கையில் விவரம் இல்லாமல் இருக்கலாம், புரியாமலும் இருக்கலாம். நிரப்பிய கட்டங்கள்தான் ஆளுக்கு என்ன புரிந்திருக்கிறது என்று காட்டும்.

நெஃப்ட் ஃபார்மில் இரண்டு ஆட்கள் உண்டு: பணம் அனுப்புபவர், பெறுபவர். ஆங்கிலப் பெயரில் ரெமிட்டர், பெனிஃபிஷியரி என்று அச்சடித்திருக்கும். தடுமாற்றம் தொடங்கும் இடம் அதுதான். அதனால் பெனிஃபிஷியரி பகுதியில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு உதாரணம்

பெரியம்மா ஒருவர் பேத்தியின் விடுதிக்கு 38,500 ரூபாய் கட்ட வேண்டும். போட்டோவோடு வந்த கேள்வி, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் பற்றியது: "ஐஎஃப்எஸ்சி எங்கப்பா இருக்கு?"

கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதென்றால் "பாஸ்புக் முதல் பக்கத்துல இருக்கு பெரியம்மா" என்று முடித்துவிடலாம். ஆனால் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேலே அனுப்புபவர் பகுதியில் அவர் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கின்றன. கீழே பெறுபவர் பகுதியிலும் அதே பெயர், அதே எண். அப்படியென்றால் அவர் கையில் இருப்பது தன்னுடைய பாஸ்புக். நம் பதிலைக் கேட்டுத் தன் கிளையின் ஐஎஃப்எஸ்சியைத்தான் எழுதுவார். கேட்டது ஒரு கட்டம்தான், ஆனால் இவருக்கு வேண்டியது முழு வழிகாட்டல்.

இதுவே பெறுபவர் பகுதியில் விடுதியின் பெயரும் எண்ணும் சரியாக இருந்து, ஐஎஃப்எஸ்சி மட்டும் காலியாக இருந்திருந்தால் ஒரு வரி போதும். அந்த இடத்தில் பாடம் எடுத்தால், கவுண்டரில் நிற்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

சந்தேகமாக இருந்தால் ஒரே கேள்வி

"எது புரியல?" என்று கேட்காதீர்கள். புரியாதவருக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. "பணம் யாருக்குப் போகுது பெரியம்மா? அவங்க அக்கவுண்ட் நம்பர் எதுல எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். சீட்டையோ கேன்சல் செக்கையோ உடனே போட்டோ எடுத்து அனுப்பினால் ஆளுக்கு விஷயம் தெரியும், விவரம்தான் விட்டுப்போயிருக்கிறது. "அதான் மேல எழுதிட்டேனே" என்று பதில் வந்தால் கட்டம் கட்டமாகப் போக வேண்டியதுதான்.

கட்டம் கட்டமாகச் சொல்வது

புது ஃபார்ம் வாங்கச் சொல்லுங்கள். கணக்கு எண்ணில் அடித்தல் திருத்தல் இருந்தால் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கையெழுத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மெசேஜுக்கு ஒரு கட்டம், ஃபார்மில் இருக்கும் வரிசையிலேயே. "பெனிஃபிஷியரி நேம்னு இருக்கிற இடத்துல விடுதி பேரை எழுதுங்க" என்பதுபோல, எழுத வேண்டியதையே சொல்லுங்கள். மேலே நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்று டிக் அடிக்கும் இடம் இருந்தால் இங்கே நெஃப்ட்தான். ஆர்டிஜிஎஸ் 2 லட்சம் ரூபாயிலிருந்துதான் தொடங்கும்.

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கு எண்ணில். நெஃப்டில் பெறுபவர் கணக்கில் வரவு வைப்பது எண்ணைப் பார்த்துத்தான். பெயர் சரியாக இருக்கிறதே என்று நம்பி எண்ணில் கோட்டை விட்டால் பணம் வேறு யார் கணக்குக்காவது போய்விடலாம். சில ஃபார்ம்களில் எண்ணை இரண்டு முறை கேட்பார்கள். மேலே எழுதியதைப் பார்த்துக் கீழே எழுதாமல், இரண்டாவது தடவையும் சீட்டைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.

ஐஎஃப்எஸ்சியில் 11 எழுத்துகள். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில 'ஓ' மாதிரி வளைத்து எழுதியிருந்தால் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். SYNB என்று தொடங்கினால் அது பழைய பாஸ்புக்கிலிருந்து எடுத்தது. சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது, அந்தக் குறியீடுகள் 2021 ஜூலையிலிருந்து செல்லாது. விடுதியிடமே புதியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதியபின், கையெழுத்துக்கு முன் ஒரு முறை முழு ஃபார்மையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீட்டின் போட்டோவையும் இதையும் பக்கத்தில் வைத்து, கணக்கு எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி ஒப்பிடுங்கள். விட்டுப்போன பூஜ்யம் அப்படிப் பார்க்கும்போது சட்டென்று தெரியும்.

அப்புறம் கையெழுத்து. முத்திரை குத்திய அடிச்சீட்டை வாங்கிக்கொண்டு, இந்தப் பணப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யுடிஆர் எண்ணையும் கேட்டு அதிலேயே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணம் வரவில்லை என்று விடுதியில் சொன்னால் அதை வைத்துத்தான் தேட முடியும். கணக்கு எண் தெரியும் போட்டோக்களை வேலை முடிந்ததும் இரண்டு போனிலும் அழித்துவிடுங்கள்.