ஸ்லைடில் நாலு வார்த்தை, தமிழில் நாலு வாக்கியம்: ஸ்கிரீன்ஷாட்டை மொழிபெயர்க்கும்போது எங்கே தவறுகிறோம்

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாக டிப்ளமோ படிக்கும் ஒரு தம்பி போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் காட்டிய ஸ்லைடு. அதோடு அவனே செய்த தமிழாக்கமும் இருந்தது. "அண்ணா, வார்த்தை எல்லாம் சரியாதான் போட்டேன், ஆனா படிச்சா எனக்கே புரியல" என்றான். ஸ்லைடு இது:

```
Pickling – before chrome tanning
• Salt first, then acid (prevents swelling)
• H2SO4 1.2%, 1:10, 3 feeds x 15 min
• pH 2.8–3.0, check cross-section
• If not → surface fixation, drawn grain
• Basify: pH ↑ 3.8–4.0, slowly
```

அவன் தமிழாக்கத்தில் தலைப்பு "ஊறுகாய் போடுதல்" என்று இருந்தது, ஐந்தாவது வரியில் "வரையப்பட்ட தானியம்" என்று இருந்தது. இதை உடனே பிடித்துவிடலாம், யார் படித்தாலும் ஏதோ தப்பு என்று தெரியும். தோலை உப்பும் அமிலமும் சேர்த்து ஓடவிடும் அந்த வேலையை, தோல் சுழலும் டிரம்மை ஓட்டுகிறவர்கள் பிக்கிள் என்றேதான் சொல்கிறார்கள், அப்படியே எழுதினால் போதும். 'கிரெய்ன்' என்பது தோலில் முடி இருந்த பக்கம். அது 'டிரான்' ஆனால் அந்த மேற்பரப்பு இழுத்துப்பிடித்த மாதிரி சுருங்கிச் சுருக்கம் விழுந்துவிட்டது என்று பொருள். எனக்குக் கவலை தந்தது இவை அல்ல, பார்வைக்குச் சரியாகத் தெரிந்த மூன்றாவது, நான்காவது, ஆறாவது வரிகள்தான்.

ஆங்கில ஸ்லைடில் வினைச்சொல்லையும் வேற்றுமையையும் தைரியமாக விட்டுவிடலாம், யார், எதை, எதில், எப்போது என்று எதுவும் சொல்லாமல் வரியை முடிக்கலாம், ஆசிரியர் வாயால் சொல்லிக்கொள்வார். தமிழில் ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் 'ஐ' போடுவதா 'இல்' போடுவதா என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவைத் தெரியாமல் எடுப்பதுதான் முதல் பெரிய தவறு, ஏனென்றால் ஸ்லைடில் இல்லாத ஒரு தகவலை நாமே சேர்த்துவிடுகிறோம், சேர்த்தது நமக்கே தெரிவதில்லை.

மூன்றாவது வரியில் வரும் 1:10-ஐப் பாருங்கள். தம்பி எழுதியிருந்தது: "கந்தக அமிலத்தில் 10 பங்கு நீர் சேர்க்கவும்." இலக்கணம் சரி, எண்ணும் சரி. ஆனால் அடர் கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஸ்லைடில் இருந்த இரண்டு எண்களும் ஒரு புள்ளிச் சின்னமும் எதில் எது என்று சொல்லவே இல்லை, அந்த 'இல்' தம்பி போட்டது. "10 பங்கு தண்ணீரில் 1 பங்கு அமிலத்தை மெல்ல ஊற்றிக் கலக்கி ஆறவிட வேண்டும்" என்று எழுதியிருந்தால் அதே நீளம்தான், படிக்கிறவன் கண் பிழைக்கும். 'ஆறவிட' என்பது நான் சேர்த்தது. கலக்கும்போது சூடாகும், அந்தச் சூட்டோடு தோலில் ஊற்றக் கூடாது என்பது தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்ததால் சேர்த்தேன்.

அதே வரியில் 1.2% என்று இருக்கிறதே, எதில் 1.2%? இதைப் பல வருடம் டிரம் பார்த்த ஒரு மேஸ்திரியிடம் படித்துக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "எதுல ஒண்ணு புள்ளி ரெண்டு, தம்பி? தோல்லயா, தண்ணியிலயா?" சுண்ணாம்பு போட்டு, முடி எடுத்து, சதை வழித்த பிறகு தோலை எடை போடுவார்கள், பிக்கிளில் வரும் எல்லா சதவீதமும் அந்த எடையின் மேல்தான். 1000 கிலோ தோல் என்றால் அமிலம் 12 கிலோ, அதைக் கலக்கத் தண்ணீர் 120 லிட்டர். டிரம்மில் 800 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒருவன் தண்ணீரின் மேல் கணக்குப் போட்டால் 9.6 கிலோதான் வரும், அமிலம் குறைந்து பிஎச் இறங்காமல் நிற்கும். தம்பியிடம் முழு ஸ்லைடைத் திரும்ப அனுப்பச் சொன்னேன். அடியில் பொடி எழுத்தில், எல்லா சதவீதமும் சதை வழித்த தோலின் எடை மேல் என்று ஒரு குறிப்பு இருந்தது! போனில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டும்போது அது போய்விட்டது. அதனால் வெட்டின படத்தை மட்டும் வைத்து வேலையை ஆரம்பிக்காதீர்கள். தலைப்பு, அடிக்குறிப்பு, முன்னும் பின்னும் ஒரு ஸ்லைடு, இவ்வளவும் கேளுங்கள். புல்லட் ஒவ்வொன்றாக வந்து விழுகிற மாதிரி செய்த ஸ்லைடாக இருந்தால், கடைசி வரி வருவதற்கு முன்பே படம் எடுத்திருப்பார்கள், அதையும் பார்க்க வேண்டும்.

"3 ஊட்டல் x 15 நிமிடம்" என்று அவன் எழுதியதும் இதே கதை. பெருக்கல் குறியைப் பார்த்ததும் 45 நிமிடம் அமிலம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கலாம். ஆசிரியர் சொல்ல வந்தது, கலந்து வைத்த அமிலத்தை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு ஊற்றி டிரம்மை 15 நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் அடுத்த பங்கு. நம் கணக்குப்படி 12 கிலோவும் 120 லிட்டரும் சேர்ந்து 132 கிலோ, தடவைக்கு 44 கிலோ. இப்படி எழுதியதும் படிக்கிறவனுக்குக் கையில் வாளி தெரியும்.

அடுத்தது சின்னங்கள். அம்புக்குறிக்கு ஒரே தமிழ் வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடுவது பலரும் செய்கிற தவறு. பக்கவாட்டு அம்பு ஒரு இடத்தில் 'இதனால் இது நேரும்', இன்னொரு இடத்தில் 'இதற்குப் பிறகு இது'. இந்த ஸ்லைடில் ஐந்தாவது வரி அம்பு முதல் வகை. தம்பி 'பிறகு' என்று போட்டிருந்தான், அதனால் சுருக்கம் விழுவதே அடுத்த கட்ட வேலை போல ஆகிவிட்டது. அந்த வரியின் தொடக்கத்தில் இருக்கும் 'இல்லையெனில்' எதைச் சொல்கிறது என்பதும் முக்கியம். மேலே மூன்று வரி இருக்கிறது, உப்பு போடாவிட்டால் என்றா, மூன்று தடவையாக ஊற்றாவிட்டால் என்றா, பிஎச் இறங்காவிட்டால் என்றா? வரியின் இடத்தை வைத்து ஊகிக்காமல் விளைவை வைத்துப் பின்னோக்கிப் போங்கள். உப்பில்லாமல் அமிலம் போட்டால் தோல் உப்பிப் பெருத்துவிடும், அதை இரண்டாவது வரியே சொல்லிவிட்டது. தோலைப் பதனிடும் குரோம் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே போகாமல் நிற்பது பிஎச் போதிய அளவு இறங்காதபோது. ஆகவே 'இல்லையெனில்' நான்காவது வரியோடு சேர்ந்தது: "தோலின் நடுப்பகுதி வரை பிஎச் இந்த அளவுக்கு இறங்கியிருக்காவிட்டால், குரோம் மேலேயே பிடித்துக்கொள்ளும், உள்ளே போகாது, முடிப்பக்கம் சுருங்கிச் சுருக்கம் விழும்." இப்படி இரண்டு புல்லட்டை ஒரே வாக்கியமாக்கத் தயங்காதீர்கள். ஆறு புல்லட் இருந்தால் தமிழிலும் ஆறு வாக்கியம்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"குறுக்குவெட்டைச் சரிபார்க்கவும்" என்ற சொற்கள் சரியானவை, ஆனால் வேலை தெரியாதவன் அதைப் படித்து என்ன செய்வான்? தோலின் தடித்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு வெட்டி, வெட்டின முகத்தில் புரோமோகிரெசால் கிரீன் ஒரு சொட்டு விடுவார்கள். பிஎச் 3.8-க்குக் கீழே அது மஞ்சள், 5.4-க்கு மேலே நீலம், இடையில் பச்சை. இரண்டு ஓரமும் மஞ்சளாகி நடுவில் பச்சைக் கோடு நின்றால் அமிலம் நடுவுக்குப் போகவில்லை. மொழிபெயர்ப்பாளர் இவ்வளவும் எழுத வேண்டுமா என்று கேட்கலாம். "வெட்டிய முகம் முழுக்க ஒரே மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று அரை வரி போதும். ஆனால் ஒன்று, மஞ்சள் வந்தாலே பிஎச் 2.8 என்று எழுதிவிடக் கூடாது. 3.5-லும் அது மஞ்சள்தான். 2.8 முதல் 3.0-க்குள் இருக்கிறதா என்பதைத் தனியாக பிஎச் தாளிலோ மீட்டரிலோதான் பார்க்க வேண்டும்.

கடைசி வரி, சோடா கரைசல் ஊற்றி பிஎச்-ஐ ஏற்றும் வேலை. அதில் ஒரு நுட்பமான குழி இருக்கிறது, நானே முதல் தடவை அதில் விழுந்தேன். "பிஎச்-ஐ 3.8-இலிருந்து 4.0 வரை உயர்த்தவும்" என்று எழுதினேன். 2.8-க்கும் 3.0-க்கும் இடையில் கோடு, 3.8-க்கும் 4.0-க்கும் இடையிலும் அதே கோடு, இரண்டுமே எல்லை காட்டுகிற கோடுகள். நான் எழுதியதைப் படித்தால் பிஎச் ஏற்கனவே 3.8-இல் இருக்கிறது, அதைத் துளி ஏற்றினால் போதும் என்று ஆகிவிடும். உண்மையில் 3-க்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் ஏற்ற வேண்டும். "3.8–4.0 அளவுக்கு வரும்படி" என்று திருத்தினேன். 'மெதுவாக' என்பதும் டிரம் சுற்றும் வேகத்தைப் பற்றியது அல்ல, சோடா கரைசலை விட்டுவிட்டு ஊற்றுவதைப் பற்றியது. தமிழில் வினையடை எந்த வினைக்கு முன்னால் நிற்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே "கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றி" என்று வினையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

போனில் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து அதை மட்டும் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புள்ளி காணாமல் போகும், சின்னக் கோடு காணாமல் போகும். 1.2% என்பது 12% ஆனால் 1000 கிலோ தோலுக்கு 120 கிலோ அமிலம். எண் வரும் இடத்தில் எல்லாம் படத்தைத் திரும்பப் பாருங்கள்.

சரி, நான் கடைசியில் தம்பிக்கு அனுப்பியதில் முதல் பாதி இப்படி இருந்தது:

"குரோம் கொடுப்பதற்கு முன் தோலை பிக்கிள் செய்ய வேண்டும். முதலில் டிரம்மில் உப்பு போட்டு ஓடவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் அமிலம். உப்பு இல்லாமல் அமிலம் பட்டால் தோல் உப்பிவிடும். சதை வழித்த தோலின் எடையில் 1.2% கந்தக அமிலத்தை, அதன் 10 மடங்கு தண்ணீரில் மெல்ல ஊற்றிக் கலக்கி ஆறவிட்டு, மூன்று பங்காக்கி, 15 நிமிடத்துக்கு ஒரு பங்கு வீதம் டிரம்மில் சேர்க்க வேண்டும்."

இதில் உப்பு எவ்வளவு என்று நான் எழுதவில்லை. பொதுவாக 8 முதல் 10% வரை போடுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஸ்லைடில் அது இல்லை, அந்த ஆசிரியர் எதைச் சொன்னார் என்று தெரியாமல் என் எண்ணை அவர் பாடத்துக்குள் நுழைக்கக் கூடாது. கடைசிப் பங்கு ஊற்றிய பிறகு எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதும் அப்படித்தான். எதில் எதை ஊற்றுவது, எதன் மேல் சதவீதம் என்பது போல வாக்கியம் கேட்கிற தகவலை உறுதிசெய்துகொண்டு நிரப்பலாம், ஆளுக்கு ஆள் மாறுகிற அளவை நிரப்பக் கூடாது. இரண்டு இடத்திலும் சதுர அடைப்புக்குள் 'ஆசிரியரிடம் கேள்' என்று போட்டு அனுப்பினேன். மறுநாள் மாலை தம்பி கேட்டுச் சொன்னான்: உப்பு 8%, முந்தைய ஸ்லைடிலேயே இருந்திருக்கிறது. ஓடும் நேரத்துக்கு ஆசிரியர் எண் எதுவும் தரவில்லை, வெட்டிப் பார்த்து முழுக்க மஞ்சளாகும் வரை என்றாராம். அந்த அடைப்பை எடுத்துவிட்டு அதையே எழுதினேன்.